11 மாதம் வரி ‘ஜீரோ’... மார்ச்சில் மட்டும் ரூ.74,100 பிடித்தம் ஏன்? ஒரு பேரோல் அதிகாரியின் பதில்

மார்ச் மாதச் சம்பளம் ஏறியதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. வழக்கமாக ரூ.1,23,200 வரும் கணக்கில் இந்த முறை ரூ.49,100 மட்டுமே வந்திருக்கிறது. சம்பளச் சீட்டைத் திறந்தால், பி.எஃப். வரிக்குக் கீழே, பிப்ரவரி வரை காலியாகக் கிடந்த ‘வருமான வரி’ என்ற இடத்தில் ரூ.74,100 என்று இருக்கிறது.

புதுச்சேரி பாகூர் தாலுகாவில் உள்ள கரியமாணிக்கத்தில் வசிக்கும் ஓர் இளம் பொறியாளருக்கு இப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், சொந்த ஊரிலிருந்தே போய்வரலாம் என்று 2025 அக்டோபரில் புதுச்சேரியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு மாறியவர். ஆள் கற்பனைதான், ஆனால் கீழே வரும் விதிகளும் வரி விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கு நடைமுறையில் இருந்தவை. இடையில் வேலை மாறிய யாரும் தங்கள் சம்பளத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம்.

அவர் பேரோல் பிரிவுக்கு அனுப்பிய செய்தி இது: “சார், பிப்ரவரி வரைக்கும் ஒரு ரூபாகூட டேக்ஸ் பிடிக்கல. மார்ச்ல மட்டும் 74,100 போயிருக்கு. 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னுதானே சொன்னாங்க? 5-ம் தேதி வீட்டு லோன் இஎம்ஐ இருக்கு. ஏதாவது தப்பா போட்டுட்டீங்களா?”

பேரோல் அதிகாரியின் பதில் இப்படித் தொடங்குகிறது:

“வணக்கம் தம்பி. தப்பா எதுவும் போடல. மார்ச் சம்பளத்துக்கு மட்டும் 74,100 வரின்னு நீங்க நினைக்கிறீங்க. அது மார்ச் மாச வரி இல்ல. ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் பன்னெண்டு மாசத்துக்கான வரி. கடைசி மாசத்துலதான் எங்களுக்கு முழுக் கணக்கும் தெரிய வந்துச்சு. அதனால மொத்தமும் ஒரே சம்பளத்துல வந்து நிக்குது.”

இந்தப் பதிலில் இருக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் பிரித்துப் பார்க்கலாம்.

சம்பளத்துக்கு மாத வரி என்று ஒன்று இல்லை

சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான விதி, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-வது பிரிவில் இருக்கிறது. அதன்படி நிறுவனம் ஒவ்வொரு மாதத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை. இந்த ஊழியருக்கு இந்த நிதியாண்டு முழுக்க எவ்வளவு சம்பளம் வரும் என்று ஒரு மதிப்பீடு போடுகிறது. அதற்கு எவ்வளவு வரி என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்கிறது.

மதிப்பீடு என்பதால் அது நடுவில் மாறலாம். போனஸ் வரலாம், சம்பளம் கூடலாம், கொடுப்பதாகச் சொன்ன முதலீட்டு ஆதாரம் வராமல் போகலாம். முந்தைய மாதங்களில் குறைவாகப் பிடித்திருந்தால், மீதியைப் பின்னால் வரும் மாதங்களில் கூட்டிப் பிடிக்கலாம் என்று அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. கூடுதலாகப் பிடித்திருந்தால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சரிக்கட்டல் அந்த நிதியாண்டுக்குள் முடிய வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதனால், ஆண்டு முழுக்கச் சேர்ந்த வித்தியாசம் எல்லாம் வந்து விழும் கடைசி இடம் மார்ச் சம்பளம்.

‘பாதியை ஏப்ரல்ல பிடிச்சுக்கக் கூடாதா?’ என்ற கேள்விக்கும் பதில் இதுதான். ஏப்ரல் சம்பளம் அடுத்த ஆண்டின் கணக்கு. முந்தைய ஆண்டின் பாக்கியை நிறுவனம் அதில் டிடிஎஸ் ஆகப் பிடிக்க முடியாது.

11 மாதம் ஏன் எதுவும் பிடிக்கவில்லை?

இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பொறியாளருக்கு 2025-26-ல் இரண்டு நிறுவனங்களில் சம்பளம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சென்னை நிறுவனத்தில் மாதம் ரூ.1 லட்சம். அக்டோபர் முதல் மார்ச் வரை புதுச்சேரி நிறுவனத்தில் மாதம் ரூ.1.25 லட்சம்.

சென்னை நிறுவனம் ஏப்ரலில் என்ன கணக்குப் போட்டிருக்கும்? மாதம் ஒரு லட்சம் என்றால் ஆண்டுக்கு ரூ.12 லட்சம். சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு ரூ.75,000 போக ரூ.11.25 லட்சம். புதிய வரி முறையில், வரிக்குரிய வருமானம் ரூ.12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின் தள்ளுபடி மொத்த வரியையும் அழித்துவிடும். எனவே பிடித்தம் இல்லை.

புதுச்சேரி நிறுவனம் அக்டோபரில் போட்ட கணக்கு இன்னும் எளிது. மீதி இருக்கும் ஆறு மாதத்துக்கு ரூ.7.5 லட்சம். அதில் ரூ.75,000 போக ரூ.6.75 லட்சம். இங்கேயும் தள்ளுபடி உண்டு. எனவே பிடித்தம் இல்லை.

தன் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இரண்டு நிறுவனங்களும் செய்தது சரி. ஆனால் ஒரே மனிதருக்கு ரூ.75,000 கழிவும் ரூ.12 லட்சம் வரையிலான தள்ளுபடியும் இரண்டு தடவை கொடுக்கப்பட்டுவிட்டன. சட்டப்படி இரண்டும் ஆண்டுக்கு ஒரு தடவைதான்.

அதிகாரி எழுதுகிறார்: “நீங்க சேர்ந்தப்போ எச்.ஆர்.ல படிவம் 12பி கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? பழைய கம்பெனியில வாங்கின சம்பளம் எவ்வளவு, பிடிச்ச வரி எவ்வளவுன்னு எழுதித் தர்ற ஃபார்ம். அதை நீங்க காலியா விட்டுட்டீங்க. ‘அங்க டேக்ஸே பிடிக்கலையே, எழுத என்ன இருக்கு’ன்னு நினைச்சிருப்பீங்க. நிறைய பேர் இதைத்தான் பண்றாங்க. மார்ச் மாசம் கணக்கு முடிக்கறதுக்கு முன்னாடி திரும்பக் கேட்டப்பதான் அந்த ஆறு லட்சத்தைச் சொன்னீங்க.”

படிவம் 12பி கேட்பது பிடித்த வரியை மட்டுமல்ல, வாங்கிய சம்பளத்தையும்தான். ‘வரி பிடிக்கவில்லை’ என்பது ‘சொல்ல எதுவும் இல்லை’ என்று ஆகாது. சொல்லப்போனால், பழைய இடத்தில் வரி பிடிக்காமல் விட்டவர்கள்தான் இந்தப் படிவத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அங்கே பிடித்திருந்தால் அந்தத் தொகை புதிய கணக்கில் கழிந்துவிடும். பிடிக்காவிட்டால் முழுச் சுமையும் புதிய சம்பளத்தின் மேல்தான்.

ரூ.74,100 எப்படி வந்தது?

இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் ரூ.6 லட்சம் + ரூ.7.5 லட்சம் = ரூ.13.5 லட்சம். நிலையான கழிவு ஒரே ஒரு தடவை. மீதி ரூ.12.75 லட்சம். இதுதான் வரிக்குரிய வருமானம்.

2025-26-க்கான புதிய வரி முறையில் முதல் ரூ.4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ரூ.4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது ரூ.20,000. எட்டிலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை 10 சதவீதம், அதாவது ரூ.40,000. பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும் ரூ.75,000-க்கு 15 சதவீதம், அதாவது ரூ.11,250. மூன்றையும் கூட்டினால் ரூ.71,250. இதன் மேல் 4 சதவீத செஸ் ரூ.2,850. மொத்தம் ரூ.74,100.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பிடித்தது பூஜ்யம் என்பதால், முழுத் தொகையும் மார்ச் மாதத்தின் ரூ.1.25 லட்சத்திலிருந்து போயிருக்கிறது. பி.எஃப். பங்கு ரூ.1,800-ம் போக மிஞ்சியது ரூ.49,100.

இதே தகவலை அவர் அக்டோபரிலேயே கொடுத்திருந்தால்? வரியில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. ஆனால் ஆறு சம்பளத்துக்குப் பிரிந்து மாதம் ரூ.12,350 ஆகப் போயிருக்கும். ஜனவரியில் ஆதாரங்கள் கேட்கும்போது சொல்லியிருந்தால் மூன்று மாதத்துக்குத் தலா ரூ.24,700. இஎம்ஐ தேதியில் கை இறுகாமல் சமாளித்திருக்கலாம்.

‘12.75 லட்சம் வரை வரி இல்லை’ என்பது எந்த இடத்தில் உடைகிறது?

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டில் வந்த அறிவிப்பு இது. அதற்கு முந்தைய ஆண்டு வரை, புதிய வரி முறையில் தள்ளுபடிக்கான எல்லை ரூ.7 லட்சமாக இருந்தது. அது ஒரேயடியாக ரூ.12 லட்சமாக உயர்ந்தது. நிலையான கழிவையும் சேர்த்தால் சம்பளக்காரர்களுக்கு ரூ.12.75 லட்சம்.

ஆனால் இது விலக்கு அல்ல, தள்ளுபடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விலக்கு என்றால், எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி வரும். தள்ளுபடி என்றால், எல்லைக்குள் இருக்கும்வரை போட்ட வரியை அரசு விட்டுக்கொடுக்கிறது. எல்லையைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும், ரூ.4 லட்சத்திலிருந்து வரி மறுபடி உயிர்பெறும். நம் பொறியாளரின் வருமானம் எல்லையைத் தாண்டியது ரூ.75,000தான். ஆனால் அவர் கட்டும் வரியில் ரூ.60,000, எல்லைக்குக் கீழே இருக்கும் பகுதிக்கானது.

எல்லையை ஆயிரம் ரூபாய் தாண்டியவருக்கு 60 ஆயிரம் வரி என்றால் அநியாயமாகிவிடும் அல்லவா? அதற்காக இருப்பதுதான் ‘விளிம்பு நிவாரணம்’. ரூ.12 லட்சத்தை எவ்வளவு தாண்டியிருக்கிறீர்களோ, செஸ் நீங்கலான வரி அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது. ரூ.12.10 லட்சம் என்றால் வரி ரூ.10,000. ரூ.12.30 லட்சம் என்றால் ரூ.30,000. இந்த நிவாரணம், வரிக்குரிய வருமானம் சுமார் ரூ.12,70,588 ஆகும் வரைதான் வேலை செய்யும். அதற்கு மேல் வழக்கமான கணக்கிலேயே வரி, தாண்டிய தொகையைவிடக் குறைவாகிவிடும் என்பதால் நிவாரணத்துக்குத் தேவை இருக்காது. பொறியாளரின் வருமானம் ரூ.12.75 லட்சம். அந்த எல்லையைச் சில ஆயிரத்தில் தாண்டிவிட்டார்.

இந்தக் குறுகிய பட்டையில் இருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் வரி, அதன் மேல் செஸ். அதாவது வருமானம் ரூ.12 லட்சத்திலிருந்து ரூ.12.70 லட்சம் வரை உயரும்போது கைக்கு வருவது கூடுவதில்லை, கொஞ்சம் குறையவே செய்கிறது. மார்ச்சில் வரும் சிறிய ஊக்கத்தொகை, ‘வந்த மாதிரியே இல்லையே’ என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரூ.12 லட்சம் எல்லை வந்த பிறகு, ஒவ்வொரு நிறுவனத்தின் தனிக் கணக்கிலும் வரி பூஜ்யமாகவும், இரண்டையும் சேர்த்தால் வரி வருவதாகவும் இருக்கும் சம்பள வரம்பு பெரிதாகியிருக்கிறது. எல்லை ரூ.7 லட்சமாக இருந்தபோது, மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்குப் பழைய நிறுவனத்திலேயே மாதாமாதம் வரி போயிருக்கும். இப்போது அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

சொல்லாமலேயே இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமா?

முந்தைய சம்பளத்தைப் புதிய நிறுவனத்திடம் சொல்வது ஊழியரின் விருப்பம் என்ற தொனியில்தான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. சொன்னால், அதைக் கணக்கில் எடுப்பது நிறுவனத்தின் கடமையாகிவிடும். அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருந்தால் ரூ.74,100 மிச்சமாகியிருக்குமா?

“மிச்சமாகாது தம்பி, இன்னும் கூடத்தான் ஆகும்” என்கிறார் அதிகாரி. “ஜூலைல ரிட்டர்ன் போடும்போது ரெண்டு சம்பளத்தையும் சேர்த்துத்தான் காட்டணும். ரெண்டு கம்பெனிக்கும் நீங்க கொடுத்தது ஒரே பான் நம்பர். அப்போ இந்த வரியைக் கையிலேருந்து கட்டணும், வட்டியோட.”

வட்டி இரண்டு வழியில் வருகிறது. டிடிஎஸ் போக ஆண்டுக்கு ரூ.10,000-க்கு மேல் வரி பாக்கி வரும் என்றால், அதை முன்கூட்டிய வரியாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ம் தேதிக்குள் தவணையாகக் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவின் கீழ் ஒரு வட்டி. நிதியாண்டு முடிந்த பிறகும் கட்டாமல் இருப்பதற்கு 234பி பிரிவின் கீழ் மாதம் 1 சதவீதம் இன்னொரு வட்டி. ரூ.74,100-ஐ ஜூலையில் கட்டினால், முதல் வட்டி ரூ.3,738, இரண்டாவது ரூ.2,964. ஆக, ரூ.6,700 கூடுதல்.

மார்ச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்தது வலித்தாலும், அது டிடிஎஸ் ஆகப் போனதால் இந்த வட்டி எதுவும் இல்லை. தவணை தவறியதாகவும் கணக்கு வராது. ஒரே மாதத்தில் பிடிப்பதால் கிடைக்கும் ஒரே நன்மை இதுதான், ஆனால் அது உண்மையான நன்மை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு கட்டாயம் இருக்கிறது. மார்ச் மாதத்தில் பிடித்த வரியைத் தனியார் நிறுவனங்கள் ஏப்ரல் 30-க்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காமல் விட்டால், அதற்கான வட்டி நிறுவனத்தின் தலையில் விழும். எனவே தகவல் கைக்கு வந்த பிறகு, ‘பாவம், இஎம்ஐ இருக்கிறதே’ என்று பேரோல் அதிகாரி பாதியை விட்டுவைக்க முடியாது.

பிடித்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

அதிகாரி தன் பதிலோடு ஓர் ஆண்டு வரிக் கணக்குத் தாளையும் இணைத்திருக்கிறார். பெரும்பாலான நிறுவனங்களின் சம்பளத் தளத்தில் இதை நாமே தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் முதலில் பார்க்க வேண்டியது, பழைய நிறுவனத்தின் சம்பளம் சரியான தொகையாக ஏறியிருக்கிறதா என்பது. அடுத்தது, நிலையான கழிவு ஒரு தடவை கிடைத்திருக்கிறதா என்பது. இரண்டு தடவை வராது என்பது தெரிந்ததே. ஆனால் அவசரத்தில் விடுபட்டும் போகலாம். பழைய நிறுவனம் ஏதாவது வரி பிடித்திருந்தால், அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்பது மூன்றாவது.

இதில் முதல் விஷயத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. பழைய நிறுவனத்தின் கடைசி செட்டில்மென்ட் தாளில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து, அதையே ‘சம்பளம்’ என்று 12பி-யில் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொகைக்குள், எடுக்காத விடுப்புக்காகக் கொடுத்த பணம் கலந்திருக்கலாம். வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் விடுப்புப் பணத்துக்குத் தனியார் ஊழியர்களுக்கு விலக்கு உண்டு. வாழ்நாள் உச்சவரம்பு ரூ.25 லட்சம். கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளம், மீதமிருந்த விடுப்பு நாட்கள் ஆகியவற்றை வைத்து வேறு வரம்புகளும் உண்டு. புதிய வரி முறையிலும் இந்த விலக்கு கிடைக்கும்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நம் பொறியாளர் எழுதிய ரூ.6 லட்சத்துக்குள் ரூ.45,000 இப்படி விலக்குக்குரிய விடுப்புப் பணமாக இருந்திருந்தால், வரிக்குரிய வருமானம் ரூ.12.30 லட்சமாக இறங்கும். அங்கே விளிம்பு நிவாரணம் வேலை செய்யும். வரி ரூ.30,000, செஸ் ரூ.1,200, மொத்தம் ரூ.31,200. ரூ.45,000-ஐத் தவறான இடத்தில் எழுதியதால் மட்டுமே ரூ.42,900 அதிகம் போயிருக்கும்.

“அதனால பழைய கம்பெனி செட்டில்மென்ட் ஷீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. லீவுக்குக் கொடுத்த பணம் ஏதாவது உள்ள இருக்கான்னு சொல்லுங்க” என்று அதிகாரி கேட்டிருப்பது இதனால்தான். பொறியாளரின் தாளில் அப்படி எதுவும் இல்லை. ஆறு மாதமும் வெறும் மாதச் சம்பளம்தான். எனவே ரூ.74,100 சரி.

ஒருவேளை தவறு இருந்து, மார்ச் பேரோல் முடிந்த பிறகு தெரியவந்தாலும் பணம் போய்விடாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரியான தொகையைக் காட்டி, மீதியை ரீஃபண்டாகப் பெறலாம். அதற்கு விடுப்புப் பணத்தைத் தனியாகக் காட்டும் செட்டில்மென்ட் தாள் கையில் இருக்க வேண்டும்.

பழைய வரி முறைக்கு மாறினால் குறையுமா?

வீட்டுக் கடன் இருக்கிறது என்றதும் பலருக்கு வரும் யோசனை இது. நிறுவனத்தில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் உரிய கெடு தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்யும்போது பழைய முறைக்கு மாறலாம். ஆனால் மாறுவதற்கு முன் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரூ.13.5 லட்சம் சம்பளத்துக்குப் பழைய முறையிலும் இதே ரூ.74,100 வரி வர வேண்டும் என்றால், மொத்தக் கழிவுகள் ரூ.5.56 லட்சம் இருக்க வேண்டும். பழைய முறையில் நிலையான கழிவு ரூ.50,000தான். 80சி-யில் பி.எஃப்., காப்பீடு, கடன் அசல் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் ரூ.1.5 லட்சம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அதிகபட்சம் ரூ.2 லட்சம். மூன்றும் முழுசாக இருந்தாலே ரூ.4 லட்சம்தான். இன்னும் ஒன்றரை லட்சம் தேவை. சென்னையில் இருந்த ஆறு மாதத்துக்கு வாடகை கொடுத்திருந்தால் அதற்கான விலக்கு, மருத்துவக் காப்பீடு, தேசிய ஓய்வூதியத் திட்ட முதலீடு ஆகியவை சேர்ந்தால் கணக்கு நெருங்கலாம். அதைத் தாண்டினால்தான் மாறுவதில் லாபம். இல்லையென்றால் வரி கூடும்.

அடுத்த முறை இது நடக்காமலிருக்க

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான 192-வது பிரிவு, இனி 392-வது பிரிவு. ஆனால் ஆண்டு மதிப்பீடு போடுவது, அதை மாதங்களுக்குப் பிரிப்பது, வித்தியாசத்தை ஆண்டு முடிவதற்குள் சரிக்கட்டுவது என்ற முறையில் மாற்றமில்லை. எனவே மார்ச் மாத அதிர்ச்சிக்கான வழியும் அப்படியே திறந்திருக்கிறது.

வேலை மாறுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். புதிய இடத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, அந்த நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், அங்கே வரி பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும். பழைய நிறுவனத்தின் டிடிஎஸ் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அது நிதியாண்டு முடிந்து ஜூன் மாதத்தில்தான் வரும். கடைசிச் சம்பளச் சீட்டும் செட்டில்மென்ட் தாளும் போதும்.

அதிகாரியின் பதில் இப்படி முடிகிறது: “ஏப்ரல் சம்பளம் பழையபடி வராது தம்பி, அதையும் இப்பவே சொல்லிடறேன். இனிமே வருஷம் பூரா 1.25 லட்சம்னா மொத்தம் 15 லட்சம். அதுக்கான வரியைப் பன்னெண்டாப் பிரிச்சு ஏப்ரல்லேருந்தே பிடிப்போம். இஎம்ஐக்கு இப்ப சிரமமா இருந்தா, சம்பள அட்வான்ஸ் கிடைக்குமான்னு எச்.ஆர்.கிட்ட இன்னைக்கே கேட்டுடுங்க. 5-ம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.”